ராஜினாமாவில் ஒரு வரி

மட்டாஞ்சேரியில் ஓர் அரசு குமாஸ்தா. 2013 ஏப்ரலுக்கு முன் வேலையில் சேர்ந்து, 12 ஆண்டு சர்வீஸ் போட்டவர் என்று வைத்துக்கொள்வோம். வேறு அரசுத் துறையில் இடம் கிடைக்க, ராஜினாமா எழுதுகிறார். கேரளப் பணி விதிகள் மூன்றாம் பாகத்தின் 29ஆம் விதிப்படி, ராஜினாமா செய்தாலும் ஒழுங்கீனத்துக்காக டிஸ்மிஸ் ஆனாலும் பழைய சர்வீஸ் பறிபோகும். ஆனால் பென்ஷனுக்குரிய அடுத்த பதவிக்கு முறையான அனுமதியோடு போனால் அது ராஜினாமாவே ஆகாது; 12 ஆண்டும் சேரும். அனுமதி பெற்றதைக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

மத்திய அரசு விதியும் கடுமையானதுதான். 1990இல் ராஜினாமா செய்த டெல்லி மின்துறை ஊழியர் ஒருவர், அதை விருப்ப ஓய்வாகக் கருதி பென்ஷன் தரக் கேட்டார். 20 ஆண்டு முடித்திருந்தாலும் ராஜினாமா ராஜினாமாதான் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.