அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது?

எட்டாம் வகுப்புத் தாள்கள். 'உங்கள் ஊர்க் கண்மாயின் உணவு வலையை வரைக.' அச்சகத்தில் மிஞ்சிய வழவழப்பான தாள்களின் பின்பக்கத்தில் பல பேர் வரைந்திருக்கிறார்கள். சிவகாசிப் பக்கத்தில் அந்தத் தாளுக்குக் குறைவில்லை. படம் நன்றாக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அம்பின் தலை.

*

ஒரு மாணவியின் தாள். பாசி, கோரை, கொசுப்புழு, கெண்டை, தவளை, தண்ணிப்பாம்பு, கொக்கு, மயில், ஆடு, சீமைக்கருவேலம் எல்லாம் இருக்கின்றன. கண்மாயை நின்று பார்த்த பிள்ளை என்று தெரிகிறது. ஆனால் கொக்கிலிருந்து கெண்டைக்கு அம்பு, கெண்டையிலிருந்து பாசிக்கு அம்பு. 'கொக்கு கெண்டையைத் தின்னும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கோடு இழுத்திருக்கிறாள். சூரியனிலிருந்து பாசிக்கு மட்டும் சரியான அம்பு.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் படம் முழுவதையும் அலச வேண்டாம். தாவரத்தைப் பார்த்தால் போதும். பாசிக்குள் ஆற்றலாக வருவது வெயில் மட்டும்தான். எந்த விலங்கிலிருந்தாவது அம்பின் தலை தாவரத்தில் வந்து குத்தினால் அது திரும்பி நிற்கிறது.

எல்லா அம்புகளும் ஒரே மாதிரி திரும்பியிருந்தால் தவறு ஒன்றுதான், மதிப்பெண்ணையும் ஒருமுறைதான் குறைக்க வேண்டும். பாதி சரி, பாதி தவறு என்றிருந்தால் அது ஊகம். அங்கே ஒவ்வொரு அம்புக்கும் தனித்தனியாகக் குறைக்கிறேன்.

*

கூப்பிட்டு அம்பை வாசிக்கச் சொல்வது நல்ல வழி. 'கெண்டை கொக்குக்கு உணவாகிறது' என்று வாசிக்க வந்தால் அம்பு சரி. அதற்கும் குழம்பினால் எண் எழுதச் சொல்கிறேன். கோரையில் 10,000 ஜூல், அதைத் தின்ற வெட்டுக்கிளியில் 1,000, தவளையில் 100, பாம்பில் 10. லிண்டெமன் 1942இல் வெளியிட்ட ஏரி ஆய்விலிருந்து வளர்ந்த பத்து சதவீதக் கணக்கு இது. இயற்கையில் துல்லியமாகப் பத்தாக இருப்பதில்லை, கூடும் குறையும். ஆனாலும் அம்பு போகிற பக்கம் எண் பெருகினால் பிள்ளையே நிமிர்ந்து பார்க்கும்: பத்திலிருந்து நூறு எப்படி வந்தது? மீதியில் பெரும்பகுதி உயிர் வாழவும் நடமாடவும் செலவாகி வெப்பமாய்ப் போய்விட்டது என்பதை அப்போது சொன்னால் நிற்கிறது.

*

காளானை 'உற்பத்தியாளர்' என்று எழுதுவது ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. மண்ணிலிருந்து முளைக்கிறதே என்கிறார்கள். பச்சையம் இல்லை, வெயிலைப் பிடிக்க அதனால் முடியாது. அது சிதைப்பவற்றில் ஒன்று. சூரியனுக்கு 'உற்பத்தியாளர்' என்று பெயர் போடுவதும் அதே வகை. சூரியன் உயிரினம் அல்ல.

சிதைப்பவை பற்றிய அம்பில் நல்ல பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். செத்த கெண்டையிலிருந்து பாக்டீரியாவுக்கு அம்பு: சரி. பாக்டீரியாவிலிருந்து கோரைக்கு அம்பு: தவறு. மண்ணுக்குத் திரும்புவது தாதுச் சத்து, ஆற்றல் அல்ல. புள்ளிக்கோடாக வரைந்து 'சத்து' என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். ஒரே கோட்டில் இரண்டையும் கலந்தால் கொடுப்பதில்லை.

*

ஒரு பையன் சீமைக்கருவேலத்திலிருந்து மனிதனுக்கு அம்பு போட்டிருக்கிறான். கேட்டேன். "எங்க வீட்டுல கரிமூட்டம் போடுறோம் சார்." மரத்தில் ஆற்றல் இருக்கிறது, நாம் அதை எரித்துப் பயன்படுத்துகிறோம் என்ற வரையில் அவன் சொல்வது உண்மை. ஆனால் உணவு வலையில் ஓர் உயிரிலிருந்து இன்னொன்றுக்கு உணவாகப் போகும் ஆற்றலுக்கு மட்டுமே அம்பு. சீமைக்கருவேல நெற்று ஆட்டுக்கு உணவு, ஆடு மனிதனுக்கு உணவு. அந்த வழியாகப் போட்டால் அதே மரத்திலிருந்து அவன் வீடு வரை அம்பு வந்துவிடும். அம்பை அடித்தேன், பக்கத்தில் காரணத்தை எழுதினேன்.

*

மயில். நம் மாவட்டத்துக் காடுகரையெல்லாம் மயில்தான். 'இரண்டாம்நிலை நுகர்வோர்' என்று பெரும்பாலோர் எழுதி முடித்துவிடுகிறார்கள். சோளம் கொத்தும்போது அது முதல்நிலை. வெட்டுக்கிளியைப் பிடிக்கும்போது இரண்டாம்நிலை. வெட்டுக்கிளியைத் தின்ற தவளையை விழுங்கிய பாம்புக்குட்டியைக் கொத்தினால் நான்காம்நிலை. தாவரத்திலிருந்து எத்தனை அம்பு தாண்டி வந்தது என்று எண்ணினால் நிலை கிடைக்கும். நிலை விலங்குக்கு ஒட்டிய பட்டம் அல்ல, வழிக்கு உரியது.

விடைக்குறிப்பில் ஒரு பெயர் மட்டும் இருக்கலாம். மயிலுக்கு இரண்டு நிலை எழுதி, இரண்டுக்கும் அம்பு காட்டிய பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள், ஆசிரியர்களே. முழு மதிப்பெண் அந்தத் தாளுக்குத்தான்.