“வீட்டுக்குச் சொல்லிருவீங்களா?” - கவுன்சலிங் அறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். வானம் பார்த்த பூமி இது. மிளகாயும் பருத்தியும் கைவிட்ட வருஷத்திலும் பெற்றவர்கள் எப்படியோ ஃபீஸ் கட்டிவிடுகிறார்கள். அதனாலேயே, ‘எனக்கு மனசு சரியில்ல’ என்று வீட்டில் சொல்லப் பிள்ளைகளுக்கு வாய் வருவதில்லை. சொன்னாலும், “வெயில்ல களை வெட்டுற எனக்கே ஒண்ணுமில்ல, உனக்கு என்ன வந்துச்சு?” என்பார்கள். முற்றினால் கோடாங்கியிடம் குறி கேட்பார்கள். கவுன்சலிங் என்றால் மட்டும், “பைத்தியம்னு பேராயிரும், நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா?” என்ற பயம்.

அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது?

உதாரணத்துக்கு, இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேப்பர் அரியர். வீட்டில் சொல்லவில்லை. மூன்று வாரமாக விடிகாலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. காலையில் பஸ் ஏறுகிறாள். ஆனால், வகுப்புக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

அரியர் விழுந்தால் யாருக்கும் வருத்தம் வரும். நாலு நாளில் தோழிகளோடு சிரிக்க முடிந்தால், அது தானாகவே ஆறிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாள்களில் சோர்வு நீடித்து, தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றையும் கெடுத்தால், உதவி தேவை என்று அர்த்தம். காய்ச்சல் விடவில்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதுபோலத்தான் இதுவும்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் நடக்கும். அதில் புத்திமதி இருக்காது, கேள்விகள்தான். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம், யாரிடமாவது சொன்னாயா? “செத்துப்போயிரலாம்னு தோணுதா?” என்றும் நேரடியாகவே கேட்பார்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு, ‘கேட்க ஒரு ஆள் இருக்கே’ என்ற நிம்மதிதான் வரும்.

பிறகு சின்ன வேலைகள் தருவார்கள். ஒரு வாரம், எந்த நேரத்தில் என்ன செய்தாள், மனசு எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதச் சொல்வார்கள். சோர்ந்த மனசு, ‘ஆர்வம் வரட்டும், அப்புறம் படிக்கலாம்’ என்று காத்திருக்கும். ஆனால், கொஞ்சம் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஆர்வம் திரும்புகிறது. அதனால், முதலில் தினம் இரண்டு பீரியடாவது உட்காருவது. இரண்டு அரியரில் ஒன்றை மட்டும் இப்போது எடுப்பது. அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று அங்கேயே பேசிப் பார்ப்பது. சில வாரங்கள் இப்படிப் போகும்.

அதற்கும் தூக்கம் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். சாவு எண்ணம் இருந்தால் காத்திருக்காமல் உடனே அனுப்புவார்கள். மாத்திரை தர வேண்டுமா என்று முடிவு செய்பவர் அவர்தான், கவுன்சலர் அல்ல. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். ‘ஒண்ணும் கேக்கல’ என்று ஒரே வாரத்தில் நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு.

சரி, இது வெளியே தெரியுமா? 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 23-வது பிரிவில் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டும், தேவையான அளவுக்குச் சொல்லலாம். ஆனால், பாடம் நடத்தும் ஆசிரியரே கவுன்சலராகவும் இருக்கும் கல்லூரிகள் உண்டு. அதனால், மனசைத் திறக்கும் முன் கேட்டுவிடுவது நல்லது: “நான் சொல்றதை யார்கிட்ட சொல்வீங்க, எப்போ சொல்வீங்க?” நல்ல கவுன்சலர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். மழுப்பினாலோ, நம்மைப் பேச விடாமல் அறிவுரையே சொன்னாலோ, ‘அந்தப் பிள்ளையைப் பாரு’ என்று ஒப்பிட்டாலோ, ஆளை மாற்றலாம். கவுன்சலிங்கே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம்.

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சலர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, ‘எங்க காலேஜ்ல கவுன்சலர் யாரு?’ என்று கேட்பது, லைப்ரரி எங்கே என்று கேட்பதுபோலத்தான்.

கல்லூரியில் பேசத் தயக்கமா? 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். முதலில் கவுன்சலர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார்கள். அந்த மாணவிக்கு விழிப்பு வரும் விடிகாலை 3 மணிக்கும் இந்த எண்ணில் ஆள் இருப்பார்கள்.

கவுன்சலிங் போனால் ஃபீஸ் பாக்கி தீராது, மழையும் பெய்யாது. ஆனால், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவள் எழுந்து வகுப்புக்குப் போக வழி பிறக்கும்.