31 குறிப்புகள், 4 வேலைகள்



உங்களில் சிலர் குறும்படத்துக்கு எழுதி, "டீச்சர், படிச்சிட்டுச் சொல்லுங்க" என்று அனுப்புகிறீர்கள். என்ன சொன்னால் எழுதியவருக்கு உதவும், சொன்னதை வைத்து அவர் எப்படித் திருத்துவது என்பதை, போன மாதம் மீஞ்சூரில் நாங்கள் எட்டுப் பேர் கூடி ஒரு பழைய மாணவரின் திரைக்கதையைப் படித்ததை வைத்தே சொல்கிறேன்.

சினிமாக்காரர்களிடம் கதையை வாயால் சொல்லும் பழக்கம் உண்டு. சொல்பவர் குரலை மாற்றி, கையை ஆட்டிச் சொல்லும்போது, தாளில் இல்லாததையும் அவர் முகம் நிரப்பிவிடும். டேபிள் ரீடிங் அப்படி இல்லை. ஆளுக்கொரு பாத்திரத்தின் வசனத்தைப் படிக்க வேண்டும். காட்சி விவரத்தை ஒருவர் படிக்க வேண்டும். எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. யார் எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே செல்போனைப் பார்க்கிறார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

கதை நம் ஊர்க் கதைதான். மீஞ்சூர்ப் பக்கம் பல வருடமாக நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்து கிணறுகள் உப்பானது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு கிணறு வைத்திருக்கும் அப்பா. நிலத்தை விற்கச் சொல்லும் மகன். கடைசியில் அப்பா கையெழுத்துப் போடுகிறார். மொத்தம் 18 பக்கம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பார்கள். தமிழில் எழுத்தின் அளவும் தாளின் அமைப்பும் ஆளுக்கு ஆள் மாறுவதால் அந்தக் கணக்கு பிசகும். அதனால் கடிகாரம் வைத்துப் படித்தோம். 27 நிமிடம் ஆனது.

படித்து முடித்ததும் கருத்துச் சொல்ல ஒரே ஒரு விதி வைத்தேன். எந்தப் பக்கம், அங்கே உங்களுக்கு என்ன ஆனது, இந்த இரண்டை மட்டும் சொல்லுங்கள். "அப்பா கேரக்டர் சரியில்லை" என்றால் எழுதியவர் எதைத் திருத்துவார்? "16ஆம் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டபோது எனக்குக் காரணம் புரியவில்லை" என்றால் தேடிப் பார்க்க இடம் கிடைக்கிறது. "நானா இருந்தா அப்பாவைச் சாகடிச்சிருப்பேன்" என்பது வேறொரு படம்.

மொத்தம் 31 குறிப்புகள் வந்தன. அவற்றில் மூன்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்தன. 6ஆம் பக்கத்துச் சண்டை நீளம். அம்மாவுக்கு வேலையே இல்லை. முடிவு திடுதிப்பென்று வருகிறது. மாணவர் முகம் சுருங்கி, "மூணாம் பக்கத்துலயே காரணம் இருக்கே டீச்சர்" என்று ஆரம்பித்தார். கையமர்த்தினேன். படம் ஓடும்போது தியேட்டரில் நின்று விளக்கம் சொல்ல முடியாதல்லவா?

எழுதியவர் தரப்பில் கடைசியாக ஒரு கேள்வி கேட்கலாம் என்றேன். "கிணறு உப்பாயிடுச்சுன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?" என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. ஏழு பேரில் இரண்டு பேர்தான் 3ஆம் பக்கம் என்றார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் போகிற போக்கில், "தண்ணி முன்ன மாதிரி இல்லப்பா" என்கிறார். அவ்வளவுதான். மற்ற ஐந்து பேருக்கு அப்பா வெறும் பிடிவாதக்காரர். அதனால்தான் சண்டை நீளமாகப் பட்டது, முடிவும் திடீரென்று வந்தது.

மூன்று குறைக்கும் வேர் ஒன்று. கேட்பவர்கள் காட்டிய இடங்கள் சரி; அவர்கள் சொன்ன மருந்து தேவையில்லை. சண்டையை வெட்டுவதற்குப் பதில், 4ஆம் பக்கத்தில் வசனமே இல்லாத ஒரு காட்சியை அவர் சேர்க்கப் போகிறார். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் கேன் தண்ணீரை ஊற்றி மறுபடி அடுப்பில் வைக்கிறார். அப்பா அந்தக் கேனைப் பார்க்கிறார். அம்மாவுக்கும் வேலை வந்துவிட்டது.

மறுநாள் 31 குறிப்புகளையும் நோட்டில் நான்கு பத்தியாகக் கோடு போட்டு எழுதச் சொன்னேன்: பக்கம், கேட்டவருக்கு ஆனது, காரணம், செய்ய வேண்டியது. ஒரே காரணம் உள்ளவற்றைச் சேர்த்தபோது 4 வேலைகள்தான் மிஞ்சின. முதலில் பருப்புக் காட்சி. இரண்டாவது, மகனுக்குப் பணம் ஏன் தேவை என்பதை 14ஆம் பக்கத்திலிருந்து 5க்குக் கொண்டுவருவது. மூன்றாவது, 6, 9ஆம் பக்கச் சண்டைகளை ஒன்றாக்குவது, நீளமும் குறையும். வசனமும் எழுத்துப்பிழையும் கடைசி. வெட்டப்போகும் காட்சிக்கு வசனம் செதுக்கி என்ன பயன்?

படத்தையே வேறாக்கச் சொன்ன இரண்டு குறிப்புகளைத் தனித்தாளில் எழுதி ஒதுக்கிவிட்டார். அடுத்த வாசிப்புக்குப் பாதிப் பேராவது புதியவர்களாக வேண்டும். கதை தெரிந்த காதுக்கு எது விட்டுப்போனது என்று தெரியாது. அப்போதும் அதே உப்புக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறார்.

இனி எனக்குத் திரைக்கதை அனுப்புகிறவர்கள், நீங்கள் என்னிடம் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றையும் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள். படித்து முடித்த பிறகே அதைப் பிரிப்பேன்.