மாமனாரும் மொட்டைத் தக்காளியும்

மாடியில் தக்காளி வளர்க்கிறவரா நீங்கள்? அப்படியானால் ஒரு சின்ன வேண்டுகோள். நகத்தால் எதையாவது கிள்ளுவதற்கு முன்னால், செடியின் உச்சியை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன். அது என் மாமனாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை.

மாமனாருக்குத் தேனிப் பக்கம். நாற்பது வருஷம் தக்காளி போட்ட கை. முட்டி தேய்ந்துபோய், பார்க்க ஆளில்லாமல் நிலத்தை விற்றுவிட்டார். விற்ற வருஷம் தைப்பொங்கலுக்குச் சென்னை வந்தபோது, ஈரத்துணியில் சுற்றி ஆறு நாற்று கொண்டுவந்தார். "பி.கே.எம்.-1, மாப்ளே. வயலுதான் போச்சு... இத ஒங்க மாடியில வச்சிருங்க. காய்க்கிறப்ப வந்து பாக்குறேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால், அந்த ஆறு நாற்றுதான் அவருக்கு மிச்சமிருந்த வயல் என்பது எனக்குப் புரிந்தது.

ஆறு பையில் நட்டேன். செடி ஓர் அடி வளர்ந்ததும் எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீடியோ பார்த்தேன். கண்ணாடிக் கூடாரத்துக்குள் எட்டடி உயரத் தக்காளி. இலைக்காம்பும் தண்டும் சேருகிற கக்கத்தில் ஒரு குட்டிக் கிளை முளைக்கும். அதுதான் பக்கக்கிளை. "அது சத்தைத் திருடும், கிள்ளி எறி" என்கிறார் அவர். விடுவேனா? தினம் காலை காபி டம்ளரோடு மாடிக்குப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் கிள்ளினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த இரண்டு பைக்கு மட்டும் கை எட்டவில்லை. சோம்பேறித்தனம்!

பங்குனியில் மாமனார் வந்தார். மாடி ஏறினார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"யாரு மாப்ளே இதுகளுக்கு மொட்டை போட்டது?"

"நான்தான் மாமா... பெருசா காய்க்கும்னு..."

"காய்க்கிற கையை வெட்டிப்புட்டு, காய் எங்கன்னு கேட்டா எப்படி?"

கிள்ளிய நாலு செடியிலும் சேர்த்து அந்தப் பருவம் முழுக்கக் கிடைத்தது ஒன்றேகால் கிலோ. சிலதில் வெயில் பட்ட பக்கம் வெளுத்து, காகிதம் மாதிரி சுருங்கிப்போயிருந்தது. நிழல் தர இலை இல்லையே! நான் மறந்துபோன இரண்டு செடியில் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். என் கவனிப்பைவிட என் மறதி நன்றாக விவசாயம் பார்த்திருக்கிறது.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததுதான் விஷயம். தக்காளியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று புதர் வகை, இன்னொன்று கொடி வகை.

புதர் வகை இரண்டரை, மூன்றடியோடு நின்றுவிடும். நடுத்தண்டு ஒரு பூங்கொத்தில் போய் முடிந்துவிடும், அதற்கு மேல் வளராது. அப்புறம் காய்ப்பது எதில்? பக்கக்கிளைகளில்தான். ஒவ்வொரு பக்கக்கிளையும் தன் பங்குக்குப் பூத்து முடியும். அதைக் கிள்ளினால் கிள்ளியது கிளையை அல்ல, காயை! பெரியகுளத்தில், அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கிய பி.கே.எம்.-1 இந்த வகை. இப்படித் தானாக நின்றுவிடுகிற குணம் 1914-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு செடியில் தற்செயலாகத் தோன்றியது. குட்டையாக நின்று ஒரே சமயத்தில் பழுப்பதால் வயல்காரர்களுக்கு அது வரமாகிவிட்டது.

கொடி வகைக்கு நிற்கவே தெரியாது. உச்சி போய்க்கொண்டே இருக்கும், பூங்கொத்து பக்கவாட்டில் வந்துகொண்டே இருக்கும். மாடிகளில் வளர்க்கிற செர்ரித் தக்காளியில் பெரும்பாலானவை இந்தச் சாதி. வீடியோக்காரர் கிள்ளியதும் இதைத்தான். அவர் சொன்னது சரி. நான் சொல்லிக்கொண்ட இடம்தான் தப்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த பூங்கொத்துக்கும் நடுவில் இலைகளை எண்ணுங்கள். மூன்று மூன்றாகவே போனால் கொடி. இரண்டு, ஒன்று என்று குறைந்துகொண்டே வந்து, உச்சியே பூவாகிவிட்டால் புதர். சந்தேகமாக இருந்தால், கிள்ளாமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம் நான் அடுத்த தப்பைச் செய்தேன். சூடு பட்ட பூனை அல்லவா? செர்ரித் தக்காளி வைத்தேன், எதையுமே கிள்ளவில்லை. இரண்டே மாதத்தில் ஒரு செடி எட்டுக் கிளை விட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டியது. உள்ளே காற்றுப் போகாமல் அடியிலைகள் புள்ளி விழுந்து மஞ்சளாயின. ஒருநாள் காற்றில் மொத்தமும் சாய்ந்து, தண்டு முறிந்தது.

போனில் மாமனார் சிரித்தார். "அது கொடி மாப்ளே. அதுக்கு மட்டும் ஒரு தண்டு, மிஞ்சிப்போனா ரெண்டு." இரண்டு வேண்டுமென்றால், முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே வருகிற பக்கக்கிளையை மட்டும் விட்டுவைக்க வேண்டுமாம். மற்றதை இரண்டு அங்குலத்துக்குள் இருக்கும்போதே, ஈரம் காய்ந்த காலையில் விரலால் மடக்கி ஒடித்துவிட வேண்டும். பார்க்காமல் விட்டு ஓர் அடி வளர்ந்துவிட்டால் அடியோடு வெட்டாதீர்கள், பெரிய காயமாகிவிடும். இரண்டு இலை விட்டு நுனியை மட்டும் எடுங்கள். பூங்கொத்தைக் கிளை என்று நினைத்துக் கிள்ளிவிடவும் கூடாது. கிளை இலைக் கக்கத்தில் வரும். பூ, இலைக்குச் சம்பந்தமில்லாமல் தண்டிலிருந்தே நேராக வரும். இன்னொன்று: புகையிலை, பீடி, சிகரெட் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள். அதிலுள்ள வைரஸ் தக்காளிக்கும் தொற்றும்.

புதர் வகைக்கும் ஒரு சலுகை உண்டு. முதல் பூங்கொத்துக்குக் கீழே, மண்ணில் படுகிற இலையையும் துளிரையும் எடுக்கலாம். அதோடு கையை மடக்கிக்கொள்ள வேண்டும்.

குச்சியும் அப்படித்தான். கொடிக்கு ஆறடிக் குச்சி. அதுவும் நடும்போதே ஊன்றிவிட வேண்டும், பிறகு குத்தினால் வேர் அறுபடும். பழைய வேட்டிக் கிழிசலால் எட்டுப் போல வளைத்து, தண்டு பருக்க இடம் விட்டுக் கட்டுங்கள். புதருக்கு மூன்றடிக் குச்சி மூன்றைச் சுற்றிலும் நட்டு, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். எல்லாக் காயும் ஒன்றாகக் கனக்கும்போது கிளை சாயாது.

சாப்பாடு? நூறு கிராம் கடலைப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன். புதருக்குப் பூ எடுக்கும்போது ஒன்று, காய் கோலிக்குண்டு அளவானதும் ஒன்று. ஒரே விருந்துதானே! கொடிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கடைசிவரை. ஆனால், பூவுக்கு முன்னால் அள்ளி ஊற்றினால் இலைதான் கொழுக்கும். இலை கருகருவென்று இருந்து பூ இல்லையென்றால், பட்டினி போடுங்கள்.

இந்தத் தையிலும் மாமனார் வந்தார். முட்டி வலியோடு, மாடிப்படி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஈரத்துணியில் அதே ஆறு நாற்று. தானே உட்கார்ந்து நட்டார். கை கழுவிக்கொண்டு கீழே வந்ததும் என் மனைவியிடம் சொன்னார்:

"பாப்பா... அந்தத் தொட்டிக்குப் பின்னாடியே ஆறையும் வச்சிருக்கேன். மாப்ளைக்குக் கை எட்டாது!"