டீச்சருக்கு எந்த மைக்?

பாளையங்கோட்டையில் ப்ளஸ் டூ இயற்பியல் எடுக்கும் ஒரு டீச்சர், வீட்டிலேயே பாடங்களைப் பதிவு செய்து மாணவர்களுக்குக் கொடுக்க முடிவு செய்தார். ஒலிப்பதிவு என் தொழில் என்பதால் என்னை அழைத்தார். "யூஎஸ்பி மைக் வாங்குறதா, எக்ஸ்எல்ஆர் வாங்குறதா, அதை மட்டும் சொல்லுங்க தம்பி. எக்ஸ்எல்ஆர்தான் ஸ்டூடியோ தரம்னு எல்லாரும் சொல்றாங்க."

இந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானது. ஒவ்வொரு முறையும் முதலில் சொல்வது இதுதான்: ஒலியின் தரத்தை ஒயரின் முனை தீர்மானிப்பதில்லை. மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கிலான மிக மெல்லிய சிக்னல். அதைப் பெருக்க வேண்டும்; பிறகு கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எண்களாக மாற்ற வேண்டும். யூஎஸ்பி மைக்கில் இந்த இரண்டு வேலைகளும் மைக்கின் வயிற்றுக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. எக்ஸ்எல்ஆர் மைக்கில் மூன்று ஊசி உள்ள ஒயர் அந்த மெல்லிய சிக்னலை அப்படியே வெளியே கொண்டுபோய், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிப் பெட்டியிடம் ஒப்படைக்கிறது. பெருக்குவதும் மாற்றுவதும் அந்தப் பெட்டியின் வேலை. ஆகவே எக்ஸ்எல்ஆர் என்றால் மைக், ஒயர், பெட்டி என்று மூன்று பொருள்கள், மூன்று செலவுகள். பல நேரம் பெட்டியின் விலை மைக்கின் விலையைத் தாண்டிவிடும்.

டீச்சரின் அறையைப் பார்த்தபோது, கேள்வியே வேறு என்று தெரிந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. நான்கு பக்கமும் சிமென்ட் சுவர், கீழே டைல்ஸ், மேலே மின்விசிறி. கை தட்டினால் தட்டிய ஓசை ஒரு நொடி உலோகம்போல அதிர்ந்து அடங்கியது. நெல்லை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் பாடம் நடத்தச் சொல்வது நியாயமில்லை. இந்த அறையில் எந்த ஒயரைச் செருகினாலும் விசிறியும் எதிரொலியும் கூடவே வரும்.

நான் ஒரு யூஎஸ்பி கண்டென்சர் மைக்கும் ஒரு டைனமிக் மைக்கும் கொண்டுபோயிருந்தேன். கண்டென்சரை மேசையில் லேப்டாப்புக்குப் பின்னால் வைத்தோம். பெரும்பாலோர் வைக்கும் இடம் அதுதான், வாயிலிருந்து இரண்டடி. டீச்சர் சில நொடிகள் பேசாமல் இருந்தார், பிறகு குறைகடத்திப் பாடத்திலிருந்து ஒரு பத்தியைச் சொன்னார். ஆடாசிட்டியில் பார்த்தால், அவர் பேசாத இடத்திலும் அலைக்கோடு தடிமனாகத் தெரிந்தது, அது விசிறி. குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

அதே மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, வாய்க்கு அரையடிக்குக் கொண்டுவந்தோம். இயற்பியல் டீச்சருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "தூரம் நாலில் ஒண்ணா குறைஞ்சா குரல் பன்னிரண்டு டெசிபல் கூடும், விசிறி அப்படியேதான் இருக்கும்," என்று அவரே கணக்குச் சொல்லிவிட்டார். கெயினைக் குறைத்து மறுபடி பதிவு செய்ததும் அமைதியான இடத்தில் கோடு மெலிந்தது, கிணறு மறைந்தது. மைக் மாறவில்லை, ஒயர் மாறவில்லை. இடம் மட்டும் மாறியது.

டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும் என்று கடைகளில் சொல்வது பாதி உண்மைதான். அதன் உணர்திறன் குறைவு. தள்ளி வைத்தால் குரலே சரியாகக் கேட்காது என்பதால் பேசுபவரை அது கிட்டே வரவைக்கிறது. பலனில் பெரும்பங்கு அந்த நெருக்கத்தினுடையது. ஆனாலும் டீச்சருக்கு டைனமிக்கையே சொன்னேன். நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசினாலும் அது தாங்கும். 'ப' வரும்போது காற்று நேராக மோதாமலிருக்க, மைக்கின் தலையில் ஒரு ஃபோம் உறையும் வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் ஒரு இடமும் போதும்.

இனி எக்ஸ்எல்ஆர் பக்கம் வருவோம். தனியாக உட்கார்ந்து பதிவு செய்யும் ஆசிரியரை அங்கே இரண்டு சிக்கல்கள் பிடிக்கும். ஒன்று, கெயின் பற்றாக்குறை. பலரும் ஆசைப்படும் ஷ்யூர் எஸ்எம்7பி மைக்குக்கு அறுபது டெசிபல் அளவு பெருக்கம் தேவை; விலை குறைந்த பெட்டியில் திருகைக் கடைசிவரை திருப்பினாலும் குரல் எழும்பாது, கூடவே 'உஸ்' என்ற இரைச்சல் வரும். கண்டென்சரானால் பெட்டியில் 48V பொத்தானை அழுத்த வேண்டும். மறந்தால் சத்தமே வராது.

இன்னொன்று இன்னும் மோசம், ஏனென்றால் பதிவு செய்பவருக்கு அது தெரியவே தெரியாது. இன்டர்ஃபேஸின் முதல் துளையில் செருகிய மைக்கை ஓபிஎஸ் போன்ற மென்பொருள்கள் பல நேரம் இடது பக்க ஒலியாக எடுத்துக்கொள்ளும். லேப்டாப் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பஸ்ஸில் வலது காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கும் பையனுக்கோ ஒரு வார்த்தைகூடக் கேட்காது. ஓபிஎஸ்ஸில் Advanced Audio Properties என்ற இடத்துக்குப் போய், மைக்கின் வரிசையில் Mono என்ற கட்டத்தை டிக் செய்தால் சரியாகிவிடும். யூஎஸ்பி மைக்குகளில் இந்தத் தொல்லை அரிது. முதல் பதிவை இயர்போனில், இரண்டு காதுகளையும் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்ப்பது எவருக்கும் நல்லது.

யூஎஸ்பிக்கும் குறை உண்டு. மின்சாரமும் லேப்டாப்பிலிருந்தே வருவதால், எர்த் சரியில்லாத வீட்டில் 'ர்ர்ர்' என்று ஒரு முரலல் சேரக்கூடும். சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். உடனே நின்றால் மைக்கின்மேல் குற்றமில்லை, பேட்டரியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். ஒயரின் நீளமும் ஒரு வரம்பு. யூஎஸ்பி ஒயர் ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது. எக்ஸ்எல்ஆர் ஒயரை அதைவிடப் பல மடங்கு நீட்டினாலும் பாதகமில்லை. ஆனால் கரும்பலகை முன் நடந்துகொண்டே பாடம் எடுப்பவருக்கு இரண்டுமே வேண்டாம். அவருக்குச் சட்டையில் குத்தும் காலர் மைக்தான் சரி.

யூஎஸ்பியின் உண்மையான எல்லை இரண்டாவது ஆள். ஒவ்வொரு யூஎஸ்பி மைக்கும் தனக்கென ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. இரண்டு மைக்கை ஒரே லேப்டாப்பில் செருகினால் விண்டோஸ் இரண்டையும் தனித்தனிக் கருவிகளாகவே பார்க்கும். ஆடாசிட்டியில் சேர்த்துப் பதிவு செய்யவும் முடியாது. வேறு வழியில் பதிவு செய்தாலும், நீண்ட பாடத்தில் இரண்டு குரல்களும் மெல்ல விலகிப்போகும். ஒரே பெட்டியில் செருகிய இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக்குகளுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

டீச்சரிடம் கேட்டேன்: "இப்போதைக்கு நீங்க மட்டும்தானே?"

"இப்போதைக்கு. பரீட்சை நேரத்துல ஒரு பொண்ணைப் பக்கத்துல உட்காரவெச்சு டவுட் கேட்கவைக்கணும்னு ஆசை இருக்கு."

அதனால் இரண்டு முனையும் உள்ள டைனமிக் மைக்கை வாங்கச் சொன்னேன். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் அந்த ரகம். பின்புறம் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வழியும் இருக்கும், தன் குரலைத் தாமதமின்றிக் கேட்க ஹெட்போன் துளையும் உண்டு. பென் டேப்லெட்டில் எழுதும்போது வரும் தட்டல் ஏறாமலிருக்க, மைக்கை அந்த மேசையில் வைக்காமல் தனி ஸ்டாண்டில் மாட்டினோம். எதிர்ச்சுவரில் ஒரு பழைய ஜமுக்காளம் தொங்குகிறது. குரலின் உச்சம் -12க்கும் -6க்கும் இடையில் நிற்கும்படி அளவு வைத்தாயிற்று. விசிறி இரண்டாம் எண்ணில் ஓடுகிறது.

இப்போது யூஎஸ்பியில்தான் பதிவு நடக்கிறது. அந்தப் பெண் வந்து உட்காரும் நாளில் இதேபோல இன்னொரு மைக்கும் ஒரு இன்டர்ஃபேஸும் வாங்கினால் போதும். வாங்கும்போது பெட்டியில் எக்ஸ்எல்ஆர் துளை இரண்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 'சோலோ' என்று விற்கும் வகைகளில் மைக்குக்கு ஒரே ஒரு துளைதான் இருக்கும்.