சோப்பு முதலில் வேண்டாம்

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் புலம்பியதை அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அவன் சாளையை வாங்கினதே பெரிசு" என்றாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாறுகிறது, கழுவக் கழுவக் கூடுகிறது என்றாயே, அது உன் மனப்பிரமை இல்லை. உண்மையிலேயே கூடத்தான் செய்யும். அதன் காரணம் தெரிந்துவிட்டால் மற்ற வேலை எல்லாம் சுலபம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள் என்பதால் கொஞ்சம் பாடமாகப் போனாலும் பொறுத்துக்கொள்.

கடல் மீனின் சதையில் ட்ரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதில் உள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, மிஞ்சுவது ட்ரைமெத்தில் அமீன். நாம் கவிச்சி என்று சொல்வதில் பெரும் பங்கு இதுதான். சுத்தமான நிலையில் இது 3 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அதாவது நம் ஊர் வெக்கையில் இது ஒரு வாயு. துளி இருந்தாலும் மூக்குக்கு வந்து சேரும்.

இது ஒரு காரம். புளிப்பு, அதாவது அமிலம், பட்டால் அதனோடு சேர்ந்து உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது, அதனால் வாடையும் எழும்பாது. தண்ணீரில் நன்றாகக் கரைவதால் அலசினால் ஓடிவிடும். கட்டிச் சோப்போ இதற்கு நேர் எதிர், அதுவும் காரம். கையில் இருக்கும் கொஞ்ச நஞ்சத்தின் மேல் சோப்பைத் தேய்த்தால், உப்பாக அடங்கிக் கிடந்த அமீனும் கட்டவிழ்ந்து வாயுவாகக் கிளம்புகிறது. நீ மூன்று தடவை செய்தது இதைத்தான்.

ஆக, முதலில் புளிப்பு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் சோப்பு. இதற்கு மேல் எல்லாம் விவரம்தான்.

கையிலிருந்து தொடங்கலாம். மீனை அறுத்து முடித்ததும் குழாய்த் தண்ணீரில், பச்சைத் தண்ணீரில்தான், கையை அலசு. வெந்நீர் வேண்டாம். மீனின் புரதம் சூட்டில் இறுகி நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நெல்லிக்காய் அளவு புளியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கையில் ஊற்றி, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் ஒரு நிமிஷம் தேய். சாறு பிழிந்த எலுமிச்சை மூடியும் போதும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட்டுச் சோப்புப் போடு. சோப்பு ஏன் வேண்டும் என்கிறாயா? சாளை எண்ணெய் மீன். அந்த எண்ணெயைப் புளி எடுக்காது, சோப்புதான் எடுக்கும். எண்ணெய் மிஞ்சினால் மறுநாள் சிக்குப்பிடித்த வேறொரு வாடை வரும். எலுமிச்சை தேய்த்தால் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வெயிலில் இறங்கு. சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சிலருக்குக் கறுத்துக் கொப்பளிக்கும்.

வாடை போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது தெரியுமா? ஈரக்கையை மோந்து பார்க்காதே, அரை மணி நேரம் அதிலேயே நின்ற மூக்கு மரத்திருக்கும். கையைத் துடைத்துக் காயவிட்டு, வெளியே ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு வா. திரும்பி வந்து கையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மோந்து பார். மிச்சம் இருந்தால் அந்தச் சூட்டில் எழும்பிவிடும்.

கத்திக்கும் இதே வரிசைதான். ஆனால் வாடை இருப்பது அலகில் இல்லை, அலகு பிடியில் நுழையும் இடுக்கில். பழைய பல்துலக்கியைப் புளிக்கரைசலில் நனைத்து அந்த இடுக்கைத் தேய். உன்னிடம் இருப்பது எவர்சில்வர் கத்தி, அதனால் பயமில்லை. இங்கே நம் வீட்டு இரும்பு அரிவாமணையைப் புளியில் ஊறவிட்டால் கறுத்துவிடும், அப்புறம் துருவும். அதற்கு ஒரு நிமிஷம் தேய்த்து உடனே கழுவி, துணியால் துடைத்து, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். மரப்பலகையில் மீன் வெட்டினால் கீறல்களுக்குள் இறங்கிவிடும். கல்லுப்பைத் தூவி எலுமிச்சை மூடியால் அழுத்தித் தேய்த்து, பலகையைப் படுக்கப்போடாமல் சுவரில் சாய்த்து உலரவை.

இப்போது பூண்டு. மீனுக்குச் சொன்ன மந்திரம் இதற்குப் பலிக்காது. பூண்டுப் பல்லை முழுசாக மோந்து பார், ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. நசுக்கினால்தான் அதனுள் தனித்தனி அறையில் இருக்கும் ஒரு பொருளும் ஒரு நொதியும் ஒன்று சேர்ந்து, அல்லிசின் என்ற கந்தகச் சேர்மம் பிறக்கும். வெங்காயமும் இதே குலம்தான். இவை காரமல்ல, அதனால் புளி இவற்றை அடக்காது. எண்ணெயில் கரையும் குணம் கொண்டவை என்பதால் தோலின் எண்ணெய்க்குள் இறங்கி உட்கார்ந்துவிடுகின்றன.

எண்ணெய்க்குள் போனதை எண்ணெயை விட்டே இழுக்க வேண்டும். ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயைக் கையில் ஊற்றி அரை நிமிஷம் தேய். அதன் மேல் ஒரு கைப்பிடி கடலைமாவு போட்டு உருட்டி உருட்டி உதிர். மாவு எண்ணெயோடு வாடையையும் வாரிக்கொண்டு போகும். பிறகு சோப்பு, பிறகு தண்ணீர். இங்கே சோப்பு எதிரி இல்லை. முன்கூட்டியே செய்வது இன்னும் நல்லது: உரிப்பதற்கு முன்பே விரலில் ரெண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டால் தோலுக்குள் இறங்குவது குறையும். எவர்சில்வர் கரண்டியைத் தண்ணீருக்கடியில் தேய்த்தால் போகும் என்று பலரும் சொல்வார்கள். நான் செய்து பார்த்ததில் தண்ணீரும் தேய்ப்பும் செய்ததை விடப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கெடுதல் இல்லை, நம்பி உட்காராதே.

உன் பிளாஸ்டிக் டப்பாவுக்கு வருவோம். குழம்பை அதில் வைத்து ஆபீசுக்குக் கொண்டுபோனதுதான் தப்பு. பிளாஸ்டிக் எண்ணெயை விரும்பும் பொருள். சூடான குழம்பின் எண்ணெய், பூண்டு வாடையையும் சிவப்பையும் தூக்கிக்கொண்டு டப்பாவின் உடம்புக்குள்ளேயே போய்விட்டது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது வெளியே வராது, மெல்ல மெல்லத்தான் வரும்.

மூடியிலுள்ள ரப்பர் வளையத்தை ஒரு ஸ்பூன் நுனியால் கழற்றி எடு. டப்பாவைக் கழுவுகிற பலர் அதைக் கழற்றுவதே இல்லை, வாடையின் பாதி அங்கேதான் குடியிருக்கும். டப்பா, மூடி, வளையம் மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய். பிறகு ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, டப்பாவை நிரப்பி, வளையத்தையும் அதிலேயே போட்டு ராத்திரி முழுக்க வை. மீன் வாடைக்கு இது சரி. எல்லோரும் சொல்கிற சோடா உப்பைப் போட்டிருந்தால் அதுவும் காரம்தான், அமீனைக் கட்டாது. காலையில் கழுவி, மூடாமல், மொட்டை மாடி வெயிலில் ரெண்டு நாள் வை. பூண்டு வாடை போவது இங்கேதான். சூட்டில் உள்ளே போனது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், காற்று கொண்டுபோய்விடும். மூடி வைத்தால் அது திரும்ப உள்ளேயே போகும்.

பிறகு டப்பாவை ஒரு நாள் மூடி வைத்துத் திறந்து பார். அப்போதும் வாடை வந்தால் விட்டுவிடு, ஆணி, திருகு போட்டுவைக்க ஆகும். குழம்புக்கு எவர்சில்வர் சம்படம் வாங்கிக்கொள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சையும் வினிகரையும் கலந்துவிடாதே. அதிலிருந்து குளோரின் வாயு வரும், மூடிய சமையலறையில் மூச்சுக்கே ஆபத்து.

மேல்வீட்டு ஓனரம்மா முகம் சுளிக்கிற விஷயம் கடைசியில். மீன் பொரிக்கும்போது எண்ணெய் நுண்துளியாகப் பறந்து சுவரிலும் திரையிலும் படிகிறது. வாடை அதன் மேல் ஏறிச் சவாரி செய்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு, இறக்கிய பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். அந்த நேரத்தில் படுக்கையறைக் கதவைச் சாத்து. முடித்ததும் அதே வினிகர் தண்ணீரில் நனைத்த துணியால் அடுப்பையும் அருகிலுள்ள டைல்ஸையும் துடை. சாம்பிராணி போட்டால் மீனும் சாம்பிராணியும் கலந்து மணக்கும், அவ்வளவுதான்.

செதில், குடல், தலை எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, கவரில் முடிந்து, குப்பை வண்டி வரும் வரை ஃப்ரீசரில் வை. குளிரில் பாக்டீரியா வேலை செய்யாது. சிங்க்கின் சல்லடையைக் கழற்றி, மிஞ்சிய புளித்தண்ணீரை ஊற்று. இத்தனையும் செய்தும் மறுநாள் வாடை வந்தால் சுவரைத் தேடாதே, நீ துடைத்த துணியைத் தேடு. நிச்சயம் அது சுருட்டி ஒரு மூலையில் கிடக்கும். அதை வினிகரில் அலசிவிட்டுச் சோப்பில் கொதிக்கவைத்துக் காயப்போடு.

ஞாபகமிருக்கிறதா, குழம்புக்குக் கரைத்த பிறகு அம்மா புளிக்கோதை எறியாமல் சிங்க் ஓரத்தில் ஒரு சிரட்டையில் வைத்திருப்பாள். கஞ்சத்தனம் என்று நாம் கிண்டல் செய்வோம். மீன் அறுத்த கையை அதில்தான் முதலில் தேய்ப்பாள், அப்புறம்தான் சோப்பைத் தொடுவாள். நான் வேதியியல் படித்துத் தெரிந்துகொண்ட வரிசையை அவள் அந்தச் சிரட்டையிலேயே வைத்திருந்தாள். இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "இதுக்கு இவ்வளவு எழுதணுமா?" என்று கேட்டுவிட்டு, உனக்கு ஒரு கிலோ கொட்டைப்புளி கட்டி வைத்திருக்கிறாள். வரும்போது எடுத்துக்கொள். கோதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா