கான்பூரை விட்டுவிட்டேன்

2021 அக்டோபர் 16-ஆம் தேதி எங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த முதல் செய்தியை எழுதியவன் நான். 'ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய பாதுகாப்பு நிறுவனம். தொழிலாளர்கள் மகிழ்ச்சி' என்று தலைப்பு. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்காக நான் ஒரு தொழிலாளியிடம்கூடப் பேசவில்லை. முந்தின நாள் விஜயதசமி. ஆலை கேட் பக்கம் போயிருந்தாலும் அன்றைக்கு யாரையும் பார்த்திருக்க முடியாது.

விஷயம் இதுதான். நாடு முழுக்க இருந்த 41 படைத்தளவாட ஆலைகளை நடத்திவந்த வாரியத்தை அக்டோபர் 1 முதல் கலைத்து, ஆலைகளை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். 15-ஆம் தேதி பிரதமர் அவற்றை நாட்டுக்கு அர்ப்பணித்தார். டெல்லியிலிருந்து வந்த ஏஜென்சி காப்பி என் மேஜையில் இருந்தது. அதை ஆவடி வாசகருக்கு ஏற்ற மாதிரி எழுத வேண்டும். பட்டியலில் ஆவடி என்ற பெயரைத் தேடினேன். டேங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, அதற்கு எஞ்சின் செய்யும் தொழிற்சாலை இரண்டும் ஏ.வி.என்.எல். என்ற நிறுவனத்துக்குப் போயிருந்தன. அதன் தலைமையகம் ஆவடி. லோக்கல் ஆங்கிள் கிடைத்துவிட்டது என்று அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அதே பட்டியலில் இன்னும் கொஞ்சம் தள்ளி ஆவடியின் பெயர் மறுபடியும் இருந்தது. ராணுவச் சீருடை தைக்கும் படை உடைத் தொழிற்சாலை. அதை டிரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தில் சேர்த்திருந்தார்கள். அதன் தலைமையகம் கான்பூர்.

செய்தி வந்து நான்கைந்து நாள் இருக்கும். அந்த ஆலையின் தையல்காரர் ஒருவர் பேப்பரை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. தலைப்பில் விரலை வைத்து, "இது எங்களுக்கு இல்லியே சார். எங்களுக்கு இனிமே எல்லாம் கான்பூர்தானே?" என்று கேட்டார். சுட்டுவிரல் நுனி காய்த்து, நகத்தின் ஓரம் தேய்ந்திருந்தது. பீஸ் ஒர்க்கில் எவ்வளவு தைத்தார்களோ அதற்குத்தான் கணக்கு; ஆர்டர் குறைந்தால் கைக்கு வருவதும் குறையும் என்றார். சிப்பாய்களுக்குச் சீருடைக்குப் பதிலாக ஆண்டுக்கு 10,000 ரூபாய் உடைப்படி தரும் முறை 2017-இல் வந்ததிலிருந்தே அவர்களுக்கு அந்த பயம் இருந்திருக்கிறது. டேங்குக்கு ராணுவத்தை விட்டால் ஆளில்லை. ராணுவமும் வேறு எங்கும் போகாது. சட்டையைக் கடையில்கூட வாங்கிவிடலாம். ஒரே அறிவிப்பு, ஒரே ஊர், ஆனால் ஆலைகளுக்கு இரண்டு விதமான நாளை. எங்கள் பக்கத்துக்கான செய்தி அதுதான். வேறு எந்தப் பதிப்பும் அதை எழுதியிருக்க முடியாது.

மகிழ்ச்சி என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். தலைமையகம் வருகிறது, ஊருக்குப் பெருமை, ஆகவே மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள் என்று நானே முடிவு செய்தேன். அந்த வருஷம் ஜூனில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்ததும் தொழிற்சங்கங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தன. அதைத் தடுக்க ஜூன் 30-ஆம் தேதி அவசரச் சட்டமே வந்தது. அந்தச் செய்தியையும் எங்கள் பக்கத்துக்குச் சுருக்கிக் கொடுத்தவன் நான்தான். தெரிந்தே மறந்திருக்கிறேன்.

இது முதல் தடவையும் இல்லை. அந்தத் தலைப்புக்கு மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 23-ஆம் தேதி, 118 அர்ஜுன் டேங்குகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்கு வந்தது. நாடெங்கும் 200-க்கும் மேற்பட்ட சப்ளையர்கள் வழியாக சுமார் 8,000 பேருக்கு வேலைவாய்ப்பு என்றது அரசுக் குறிப்பு. 'ஆவடியில் 8,000 பேருக்கு வேலை' என்று போட்டேன். இடம் போதவில்லை, 'நாடெங்கும்' என்ற சொல்லை வெட்டினேன். ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் இரண்டு பேர், விண்ணப்பம் எங்கே தருகிறார்கள் என்று போன் செய்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறைக்காவது அந்த ஆர்டரில் பங்கு உண்டா என்று ஒரு சாயங்காலம் நடந்து விசாரித்திருந்தால் அவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை.

இப்போது அரசுப் பட்டியல் எது வந்தாலும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்ற பெயர்களுக்குக் கீழே கடைசி வரி வரைக்கும் பென்சிலால் கோடு போடுகிறேன். ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரில், கேட்டில் பேசிய ஆளின் பெயர் எழுதும்வரை தலைப்பு வைப்பதில்லை.

அந்தத் தையல்காரரிடம், "திருத்தம் போட்டுடறேண்ணே" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பக்கத்தில் மழைச் செய்தி நிறைய இருந்தது. அதற்கு மறுநாள் வேறு ஏதோ. திருத்தம் போடவே இல்லை. அவர் விட்டுப்போன அந்தப் பேப்பர், நான்காக மடித்தபடியே, என் மேஜை டிராயரில் இருக்கிறது.